பணி ஓய்வுக்குப் பின் பல்கலைக்கழகம்: ஐயா போட்ட கணக்கு



நான் ஆசிரியர் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் எனக்குத் தலைமையாசிரியராக இருந்தவரைப் பற்றி இன்று எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஆகவே ஐயா என்றே சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியில் இருக்கிறார். 60 வயதில் பணி ஓய்வு பெற்றார். இப்போது 64.

ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டு மாணவர்களை மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வது ஐயாவின் வழக்கம். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளத்தைக் கண்டதும் யாராவது ஒரு மாணவன் “ஐயா, இதை யார் கட்டினது?” என்று கேட்பான். “சோழர்கள்” என்று அவர் பதில் சொல்வார். அந்தப் பதிலில் தமக்கே முழு நம்பிக்கை இருந்ததில்லை என்று ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் என்னிடம் ஒப்புக்கொண்டார். கல்வெட்டு கடாரத்தைச் சொல்கிறது. 1025இல் இராசேந்திரனின் கடற்படை வந்தது. அதனால் இந்தக் கல்லை அவர்கள்தாம் அடுக்கினார்கள் என்று ஆகிவிடுமா? இந்த ஒரு கேள்விக்காக, நம் நாட்டுத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் தென்கிழக்காசியத் தொடக்க கால வரலாற்றுப் பாடத்தில் சேர்ந்தார். பட்டம் அவருடைய நோக்கமன்று. ஒரே ஒரு பாடம், ஒரு பருவம்.

நான்காம் வாரத்தில், “தம்பி, விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்” என்று தொலைபேசியில் சொன்னார்.

முதியவர் ஒருவர் இப்படிச் சொன்னால் நாம் உடனே நினைப்பது இரண்டு. வயதாகிவிட்டது, மனத்தில் நிற்கவில்லை. கணினி அவர்களுக்கு வராது. என் கருத்தில் இவ்விரண்டும் தவறு. ஐயாவைத் தடுக்கி விழச் செய்தவை வேறு. முதலாவது, படிக்க வேண்டிய பக்கங்களுக்கும் இருக்கின்ற மணிகளுக்கும் யாரும் கணக்குப் போடவில்லை. இரண்டாவது, கணினியில் அவர் செய்ய வேண்டியதை வேறொருவர் கை செய்துகொண்டிருந்தது.

கணக்கை முதலில் பார்ப்போம். மலேசியாவில் உயர்கல்வித் தரத்தை வகுக்கும் எம்.கியூ.ஏ. ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேரக் கற்றல் என்று விதித்திருக்கிறது. வகுப்பு, வாசிப்பு, கட்டுரை, தேர்வு எல்லாம் இந்த 40க்குள் அடங்கும். ஐயாவின் பாடம் மூன்று கிரெடிட். ஆக 120 மணி நேரம். இந்த எண் பாடத் தகவல் ஏட்டில் அச்சிடப்பட்டிருந்தது. ஐயா அதைப் பார்த்திருந்தும் அதை ஓர் அலுவல் எண்ணாக எண்ணி விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை அவர் வீட்டு உணவு மேசையில் இருவரும் அமர்ந்து அந்த 120ஐப் பிரித்தோம். இணையவழிச் சந்திப்பு ஐந்து, ஒவ்வொன்றும் இரண்டு மணி, ஆக 10. இரண்டு கட்டுரைகளுக்குத் தலா 20, ஆக 40. தேர்வுக்கும் அதற்கான மீள்பார்வைக்கும் 14. எஞ்சியது 56. பருவம் 14 வாரம். வாரத்துக்கு வாசிப்புக்கென்று கிடைப்பது நான்கு மணி நேரம்.

பிறகு அவருடைய வாசிப்பு வேகத்தை அளந்தோம். தமிழில் அவர் வேகமாக வாசிப்பவர். பாடநூல்களோ ஆங்கிலத்தில் இருந்தன. கடிகாரத்தை மேசையில் வைத்துக்கொண்டு, குறிப்பெடுத்தபடி வழக்கம்போல் வாசிக்கச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் பத்துப் பக்கம். வாரத்துக்கு நாற்பது பக்கம்தான் அவரால் ஒழுங்காக வாசிக்க முடியும் என்று தெரிந்தது. மூன்றாம் வார வாசிப்புப் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பார்த்தோம். பாடநூலில் ஓர் இயல், 32 பக்கம். குவாரிட்ச் வேல்ஸ் 1940இல் அரச ஆசியக் கழகத்தின் மலாயாக் கிளை இதழில் எழுதிய நீண்ட கட்டுரை, 80 பக்கத்துக்கும் மேல். இன்னொரு சிறு கட்டுரை, 18 பக்கம். மொத்தம் 130க்கும் மேல். அவர் வேகத்தில் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல்!

ஐயா நீண்ட நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்படியென்றால் யாருமே இதை முழுமையாக வாசிப்பதில்லையா?” என்று கேட்டார். குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது. நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசி என்று சொல்லி வந்தவர் அல்லவா?

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செய்யுளை எடுத்தால் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் காணாமல் நகர மாட்டோம். அந்தப் பழக்கம் செய்யுளுக்கு மிகச் சரி. எண்பது பக்க அகழாய்வு அறிக்கைக்கு அது பொருந்தாது. ஐயா வேல்ஸின் கட்டுரையை முதல் பக்கத்தில் தொடங்கி, தெரியாத ஆங்கிலச் சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்து, ஓரத்தில் பொருள் எழுதி, பத்து நாளில் முப்பத்தைந்தாம் பக்கத்தை எட்டியிருந்தார். வேல்ஸ் தாம் கண்ட இடங்களை ஒவ்வொன்றாக எண்ணிட்டு வருணிக்கிறார். கெடாவில் மட்டும் முப்பது இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் செங்கல் அளவு, சுவர் நீளம், கிடைத்த ஓடுகள். ஐயா அத்தனையையும் மனப்பாடம் செய்ய முயன்றிருக்கிறார்!

இப்படிப்பட்ட கட்டுரையில் முன்னுரையையும் முடிவுரையையும் முதலில் வாசித்து, ஆசிரியர் எதை நிறுவ வருகிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். நடுப்பகுதி தேவைப்படும்போது தேடி எடுப்பதற்கு உரியது. வேல்ஸின் தலைப்பே அவர் எதை நிறுவ வருகிறார் என்று சொல்லிவிடுகிறது: மலாயாவில் பண்டைய இந்தியக் குடியேற்றம் பற்றிய தொல்லியல் ஆய்வுகள். இந்தியர் அலை அலையாக வந்து குடியேறி இவற்றை அமைத்தனர் என்பது அவர் கொள்கை. பின்னால் வந்த அறிஞர் பலர் இதை அப்படியே ஏற்பதில்லை. வணிகத்தின் வழியே வந்து சேர்ந்த சமயத்தையும் கலையையும் உள்ளூர் ஆட்சியாளரும் மக்களும் தமதாக்கிக்கொண்டனர் என்றே பெரும்பாலும் எழுதுகின்றனர்.

இங்கேதான் வாசிக்கும் வரிசையும் முக்கியமாகிறது. பட்டியலில் வேல்ஸ் முதலில் இருந்தார். காலத்தால் முந்தியவர் என்பதால் அப்படி வைத்திருப்பார்கள். ஐயா அதே வரிசையில் வாசித்தார். ஆகவே 1940இல் ஒருவர் கொண்டிருந்த கருத்தை முடிந்த முடிவாக எடுத்துக்கொண்டு குறிப்பேடு முழுக்க எழுதி வைத்துவிட்டார். புதியதை முதலில் வாசித்தால் பழையதில் எது இன்னும் நிற்கிறது, எது விழுந்துவிட்டது என்று தெரிந்துகொண்டு பழையதற்குள் போகலாம். அன்றிலிருந்து பாடநூல் இயல் முதலில், அது மூன்று மணிக்குச் சற்று மேல். எஞ்சிய நேரத்தில் பழைய கட்டுரையின் முன்னுரையும் முடிவுரையும். மூன்றாவது கட்டுரை, கட்டுரை எழுதும் வேளையில் தேவைப்பட்டால் மட்டும். அகராதிக்கும் ஒரு விதி வைத்தோம். ஒரு சொல் மூன்று முறை வந்து, மூன்று முறையும் பொருள் தடைப்பட்டால்தான் அகராதியைத் தொடுவது. ஐயாவுக்கு மனம் வரவில்லை. ஒரு வாரம் அரைகுறையாகக் கடைப்பிடித்தார். அடுத்த வாரம் அகராதியை வேறு அறையில் கொண்டுபோய் வைத்துவிட்டதாகச் சொன்னார்.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். ஐயா அணிவது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி. அதில் வாசிக்கும் பகுதி கீழே இருக்கிறது. மடிக்கணினியை மேசை மேல் உயரமாக வைத்து, கண்ணாடியின் அடிப்பகுதி வழியே பார்ப்பதற்காகத் தலையைப் பின்னால் சாய்த்தபடி வாசித்திருக்கிறார். கழுத்து வலியை வயதின் வலி என்று எண்ணிவிட்டார். திரையைத் தாழ்த்தி, எழுத்தைப் பெரிதாக்கியதும் வலி பெரும்பாலும் போய்விட்டது. கணினித் தொலைவுக்கென்றே தனிக் கண்ணாடி செய்துகொள்ளலாம். கண் கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் கண்ணுக்கும் திரைக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து கொண்டு போவது நல்லது.

ஆர்வத்துக்காகப் படிப்பவர் கட்டுரை, தேர்வு ஆகியவற்றுக்கு ஏன் உட்பட வேண்டும், சும்மா வாசித்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அவரோடு உடன்படவில்லை. சும்மா வாசிப்புக்கு எல்லை கிடையாது; எங்கே நிறுத்துவது என்று சொல்ல யாரும் இல்லை. கட்டுரைத் தலைப்புதான் எந்தப் பக்கம் வேண்டும், எந்தப் பக்கம் வேண்டாம் என்று பிரித்துக் கொடுக்கிறது. ஐயாவின் முதல் கட்டுரைத் தலைப்பு, பூஜாங் பள்ளத்தாக்குச் சான்றுகள் குடியேற்றக் கொள்கைக்கு எந்த அளவு துணைநிற்கின்றன என்பது. மாணவன் கேட்ட கேள்வியேதான். தலைப்பை எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகே வேல்ஸின் முப்பது இடங்களில் தமக்கு வேண்டியவை நான்கு அல்லது ஐந்து என்று அவரால் முடிவு செய்ய முடிந்தது.

இனிக் கணினிக்கு வருவோம்.

ஐயா கணினிக்கு அஞ்சுபவர் அல்லர். புலனத்தில் காலை வணக்கம் அனுப்புவார், காணொலி பார்ப்பார். ஆனால் பல்கலைக்கழகத் தளத்தை அவர் பேரன்தான் இயக்கினான். கெட்டிக்காரப் பையன். தாத்தா கேட்டவுடன் வருவான், சுட்டியைத் தன் பக்கம் இழுப்பான், நான்கு சொடுக்கு, “முடிஞ்சுது தாத்தா” என்பான். பார்ப்பதற்கு அன்பான காட்சிதான். அதனால் ஐயாவுக்கு ஒன்றுமே தெரியாமல் போயிற்று. எந்தத் திரை எதற்குப் பின் வருகிறது, சரியாக முடிந்தால் எப்படி இருக்கும், தவறாக முடிந்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஒருமுறையும் தம் கையால் கண்டதில்லை. பேரன் இடைநிலைப்பள்ளி விடுதிக்குத் திரும்பிய வாரத்தில்தான் கட்டுரையை அனுப்ப வேண்டி வந்தது.

அவரே அனுப்பினார். கோப்பைப் பதிவேற்றினார், `Save changes` என்பதை அழுத்தினார், கோப்பின் பெயர் திரையில் தோன்றியது. மனநிறைவோடு கணினியை மூடினார். மூன்று நாள் கழித்து, கட்டுரை வரவில்லை என்று மின்னஞ்சல் வந்தது.

நடந்தது இதுதான். பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் மூடில் என்னும் கற்றல் தளத்தில் ஓர் அமைப்பு உண்டு. விரிவுரையாளர் அதைத் தேர்ந்திருந்தால், `Save changes` என்பது கோப்பை வரைவாக மட்டுமே வைத்துக்கொள்ளும். நிலை என்னும் வரிசையில் `Draft (not submitted)` என்று இருக்கும். கீழே `Submit assignment` என்று இன்னொரு பொத்தான் காத்திருக்கும். அதை அழுத்தி, அடுத்து வரும் உறுதிமொழித் திரையையும் ஏற்ற பிறகே நிலை `Submitted for grading` என்று மாறும். குழப்பம் என்னவென்றால், அந்த அமைப்பைத் தேராத பாடங்களில் `Save changes` அழுத்தியதுமே அனுப்பியதாகிவிடும். பேரன் தன் பள்ளிப் பயிற்சிகளில் கண்டது இந்த இரண்டாவது வகை. “தாத்தா, சேவ் பண்ணினா போதும்” என்று அவன் விடுதியிலிருந்து சொன்னதும் பொய்யில்லை.

வரைவாகக் கோப்பு உரிய நாளிலேயே ஏறியிருந்ததை விரிவுரையாளர் கண்டார். இருந்தாலும் விதி விதிதான்; தாமதத்துக்குச் சில புள்ளிகள் குறைக்கப்பட்டன. ஐயா வாதாடவில்லை. தாமும் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தானே செய்தோம் என்றார்.

அன்றுதான் 555 புத்தகம் வந்தது. தோட்டத்து மளிகைக் கடையில் கடன் கணக்கு எழுதும் அந்தச் சிறிய குறிப்பேட்டைத் தெரியாதவர் நம்மில் யார்? ஐயா ஒன்று வாங்கி வந்தார். கணினியில் செய்ய வேண்டிய ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம், தம் கையெழுத்தில், தமிழில். நான் சொல்வேன், அவர் செய்வார். சுட்டியை நான் தொடுவதில்லை. என் கை துடிக்கத்தான் செய்தது. ஒருமுறை நாற்காலிக்கு அடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வேலையையும் அன்றே மூன்று முறை, மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை.

குறிப்பை எப்படி எழுதுவது என்பதில் முதலில் நாங்களே தவறு செய்தோம். “வலப்புற மேல் மூலையில் நீலப் பொத்தானை அழுத்துக” என்று எழுதினோம். இரண்டு வாரத்தில் தளத்தின் தோற்றம் மாறியது. நீலமும் இல்லை, மூலையும் இல்லை. அதன்பின் எதை அழுத்துவது என்பதைக் குறைத்து, முடிவில் திரை என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பெரிதாக எழுதத் தொடங்கினோம். கட்டுரை அனுப்பும் பக்கத்தில் இப்போது சிவப்பு மையில் இருப்பது ஒரே வரி: `Submitted for grading` என்று கண்ணால் பார்க்காமல் மூடாதே. எந்தப் பொத்தான் எங்கே போனாலும் இந்த வரி பொய்க்காது.

இன்னொரு பக்கம் வேல்ஸின் கட்டுரையால் வந்தது. கோப்புக்குள் சொல்லைத் தேட Ctrl+F அழுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தேன். ஐயா அந்தக் கோப்பில் தேடினார். கடாரம் இல்லை, கெடா என்ற சொல்லும் இல்லையாம்! கெடாவைப் பற்றிய கட்டுரையில் கெடா இல்லாமல் இருக்குமா? அந்தப் பி.டி.எஃப். கோப்பு பழைய இதழை வருடி எடுத்த படம். நம் கண்ணுக்குத்தான் எழுத்து. கணினிக்கு அது ஒரு நிழற்படம். அறிந்துகொள்ளும் வழி எளிது. ஒரு சொல்லின் மேல் சுட்டியை இழுத்துப் பாருங்கள். அந்தச் சொல் மட்டும் நிறம் மாறினால் உள்ளே எழுத்து இருக்கிறது. மாறாவிட்டால் அது படம். கூகிள் டிரைவில் அத்தகைய கோப்பை ஏற்றி, கூகிள் டாக்ஸ் வழியே திறந்தால் படத்திலுள்ள எழுத்துகளைப் படித்து உரையாக்கித் தரும். கோப்பு பெரிதாக இருந்தால் திணறும். ஆகவே வேண்டிய சில பக்கங்களை மட்டும் பிரித்து ஏற்றினோம். பிழைகள் இருக்கும், பழைய அச்சில் இன்னும் அதிகம். தேடுவதற்கு அது போதும், மேற்கோள் காட்டுவதற்கு மூலப் பக்கத்தையே பார்க்க வேண்டும். ஊர்ப் பெயர்களையும் பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். நூலுக்கு நூல் கடாரம், கடாஹா, கெடா என்று மாறி மாறி வரும்.

கோப்பின் பக்க எண்ணும் அச்சுப் பக்க எண்ணும் ஒன்றல்ல என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவைத்தோம். திரையில் ஆறாம் பக்கம் என்று காட்டுவது தாளில் வேறு எண்ணாக இருக்கும். அடிக்குறிப்பில் போட வேண்டியது தாளில் அச்சிட்டுள்ள எண்.

மற்றவை, அதாவது கடவுச்சொல், இணையவழிச் சந்திப்பில் ஒலிவாங்கியை மூடுவது போன்றவை, இரண்டே நாளில் பழகிவிட்டன. அவற்றை நான் பெரிதாக எண்ணவில்லை.

பேரன் பள்ளி விடுமுறையில் வந்தபோது தாத்தா சுட்டியைத் தரவில்லை. பையனுக்குச் சற்று மனவருத்தம். “அப்போ நான் எதுக்கு?” என்று கேட்டானாம். ஐயா அவனுக்கு வேறு வேலை கொடுத்தார். தாம் வாசித்த இயலை ஒவ்வொரு இரவும் குறிப்பேட்டைப் பார்க்காமல் அவனிடம் சொல்வது. அவன் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டுவது. மனத்தில் நிற்கவில்லை என்று அவர் குறைப்பட்டதற்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை. திரும்பத் திரும்ப வாசிப்பதைக் காட்டிலும் மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதே நிலைக்கிறது.

அடுத்த பருவத்தில் இரண்டு பாடம் எடுக்கலாமா என்று ஐயா கேட்கிறார். நான் வேண்டாம் என்றேன். 240 மணி நேரம், வாரத்துக்குப் பதினேழு. தோட்டத்து வாழைக்கும் கோயில் கூட்டத்துக்கும் அம்மாவின் மருத்துவமனை நாள்களுக்கும் இடம் இருக்காது. அவருக்கு உடன்பாடில்லை. 555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் கணக்கை மறுபடியும் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் கட்டுரையை அவர் அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறுதி நாளுக்கு இரண்டு நாள் முன்பு. நான் வகுப்பில் இருந்தேன். இடைவேளையில் கைப்பேசியைத் திறந்தபோது புலனத்தில் ஒரு படம் வந்திருந்தது. திரையைச் சற்றுக் கோணலாகப் பிடித்து எடுத்திருந்தார், அவருடைய பெருவிரல் பாதியை மறைத்திருந்தது. மீதியில் `Submitted for` வரை தெரிந்தது.